ஆறு மாதக் கறுப்பிக்கு மூன்றரை வயதா, இருபது வயதா?

கிரானில் எங்கள் வளவுக்குப் பின்னால் இருக்கும் மாமியின் வீட்டில் கறுப்பி என்று ஒரு பெட்டை நாய் இருக்கிறது. மாரி வெள்ளத்தில் புலிபாய்ந்தகல் வீதி மூடி, ஆட்கள் படகிலும் உழவு இயந்திரத்திலும் போய்வந்துகொண்டிருந்த கிழமையில் அது பிறந்தது. அதனால் அதன் வயதில் யாருக்கும் குழப்பம் இல்லை. கார்த்திகைக் கடைசியில் பிறந்த நாய்க்கு வைகாசிக் கடைசியில் ஆறு மாதம் நிறைந்தது. அந்த நாட்களில்தான் மாமியின் படலைக்கு வெளியே நாலைந்து கடுவன் நாய்கள் வந்து படுக்கத் தொடங்கின.

நாயைக் கட்டி வையுங்கள், பிறகு கருத்தடைக்குக் கொண்டுபோவோம் என்று மாமியிடம் சொன்னேன். மாமி சிரித்தார். “அது பச்சைப் பிள்ளை மனே. நாய்ட ஒரு வயசு நம்மட ஏழு வயசாம். அப்பிடிப் பார்த்தா இதுக்கு இன்னும் நாலு வயசும் ஆகல்ல” என்றார். ஆவணி நடுப்பகுதியில் கறுப்பி ஐந்து குட்டிகள் போட்டது. இரண்டு கடுவன், மூன்று பெட்டை. கடுவன் குட்டிகளைக் கேட்டு ஆள் வந்தது. பெட்டைக் குட்டிகளைக் கேட்டு எவரும் வரவில்லை. பெட்டைக் குட்டிகளுக்கு எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சந்தைப் பக்கமும் வீதியோரமும் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மாமியின் கணக்கில் பிழை இல்லை. அரை ஆண்டை ஏழால் பெருக்கினால் மூன்றரைதான் வரும். பிழை அந்த ஏழில் இருக்கிறது.

இந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அதன் பலவீனம் தானாகத் தெரியும். மனிதன் சராசரியாக எழுபது ஆண்டு வாழ்கிறான், நாய் சராசரியாகப் பத்து ஆண்டு வாழ்கிறது, எழுபதைப் பத்தால் வகுத்தால் ஏழு. அதற்கு மேல் இதில் எந்த ஆராய்ச்சியும் இல்லை. மனிதர்களுக்கு இப்படிக் கணக்குப் பார்க்கும் ஆசை பழையது. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் 1268இல் பதித்த கல்தளம் ஒன்றில் உயிர்களின் ஆயுளை மூன்று மூன்றாகப் பெருக்கிச் செல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. அதன்படி நாய்க்கு 9 ஆண்டு, மனிதனுக்கு 81 ஆண்டு. அதாவது அன்றைக்கு ஒரு நாய் வயது ஒன்பது மனித வயதாக இருந்தது. ஏழோ ஒன்பதோ, இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டு ஆயுட்காலங்களை எடுத்து ஒன்றை மற்றதால் வகுக்கின்றன.

ஆனால் ஓர் உயிரினம் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்கிறது என்பது ஒரு விடயம். அதன் உடல் என்ன வேகத்தில் மூக்கிறது என்பது வேறொரு விடயம். போரைக் கண்ட எங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவது கடினமில்லை. ஒரு ஊரில் குழந்தைகளும் இளைஞர்களும் அதிகமாக இறந்த காலத்தில் அந்த ஊரின் சராசரி ஆயுள் கீழே இறங்கும். அதற்காக அங்கே தப்பியிருந்தவர்களின் உடல் இரட்டை வேகத்தில் கிழடாகியது என்று ஆகாது. பத்து வயதுப் பிள்ளை பத்து வயதுப் பிள்ளையாகத்தான் இருந்தது. சராசரியை இழுத்துக் கீழே போட்டது சாவு. முதுமைக்கு அதில் பங்கு இல்லை.

தெருநாய்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மேற்கு வங்கத்தில் மனாபி பால், அனிந்திதா பத்ரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் தெருவில் பிறந்த 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாத வயதைத் தொட்டவை நூற்றுக்குப் பத்தொன்பது மட்டுமே. இறந்தவற்றில் பெரும்பகுதிக்கு ஏதோ ஒரு வழியில் மனிதர்களே காரணம். வாகனத்தில் அடிபடுவது, நஞ்சு, அடி, தாயிடமிருந்து தூக்கிச் செல்லப்படுவது என்று. இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தின் சராசரி ஆயுள் இரண்டு ஆண்டுதான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எழுபதை இரண்டால் வகுத்தால் முப்பத்தைந்து. அப்படியானால் தெருநாயின் ஒரு வயது மனிதனின் முப்பத்தைந்து வயதா? அதே தாயின் இன்னொரு குட்டியை ஒருவர் வீட்டில் வைத்து வளர்த்து அது பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தால், அதற்கு மட்டும் ஒரு வயது ஆறு வயதாகக் குறைந்துவிடுமா? இரண்டுக்கும் ஒரே நாளில்தான் கண் திறந்தது, ஒரே மாதத்தில்தான் பல் விழுந்தது.

ஆகவே வேகத்தை அறிய வேண்டுமானால் உடலைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீடுகளில் இலகுவாகப் பார்க்கக்கூடியது பல்.

நாய்க்குட்டி பல் இல்லாமல் பிறக்கிறது. மூன்று, நான்கு கிழமையில் பாற்பற்கள் முளைக்கத் தொடங்கி, இரண்டு மாதம் ஆகும்போது 28 பாற்பற்களும் வந்துவிடும். ஊசி மாதிரிக் குத்தும் பல் அது. மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கும். பல குட்டிகள் விழுந்த பல்லை விழுங்கிவிடுவதால் வீட்டுக்காரருக்கு இது தெரிவதே இல்லை. ஐந்து, ஆறு மாதத்தில் வேட்டைப்பற்கள் மாறும். ஏழாவது மாதம் அளவில் 42 நிரந்தரப் பற்களும் நிறைந்த வாய் அதற்கு இருக்கும். மனிதப் பிள்ளைக்குப் பாற்பல் விழத் தொடங்குவது ஆறு வயதளவில். ஞானப்பல்லை விட்டுவிட்டால் மற்றப் பற்கள் நிறைவதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகும். ஏழு மாதக் குட்டியை ஏழால் பெருக்கினால் நான்கு வயது வருகிறது. அதன் வாயோ பன்னிரண்டு வயது என்கிறது.

அடுத்தது மாமியின் வீட்டில் நடந்தது. பெட்டை நாய் ஆறு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் முதல்முறை பருவத்துக்கு வரும். எங்கள் ஊர் நாய்களைப் போன்ற நடுத்தர, சிறிய உடம்புள்ள நாய்கள் முந்தி வரும், பெரிய இன நாய்கள் பிந்தும். மூன்றரை வயதுப் பெண் பிள்ளைக்கு இது நடக்காது. நாய்க்கு நடக்கிறது, கரு தங்குகிறது, 63 நாளளவில் குட்டி போடுகிறது. அதன் முதல் பிறந்தநாள் வருவதற்கு முன்னரே அது தாய்.

இந்த இடத்தில் மனிதக் கணக்கு இன்னொரு விதத்திலும் ஏமாற்றுகிறது. நாயில் இரத்தம் படுவதைப் பார்த்தவர்கள் அதைப் பெண்களின் மாதவிடாயைப் போலவே எடுத்துக்கொள்கிறார்கள். ஒழுங்கு நேர்மாறானது. பெண்ணில் கருப்பை தன் உட்சுவரை வெளியேற்றும்போது இரத்தம் வருகிறது, கருத்தரிக்கக்கூடிய நாட்கள் அதற்குப் பிறகு, அடுத்த சுற்றின் நடுவில் வருகின்றன. நாயில் இரத்தம் வருவது கருத்தரிப்பதற்கான ஆயத்தம். முதல் ஒன்பது நாளளவில் பின்புறம் வீங்கி, இரத்தம் சொட்டும். அப்போது கடுவன்கள் வந்து கூடினாலும் பெட்டை பல்லைக் காட்டி விரட்டும். பிறகு இரத்தம் வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு மாறும் அல்லது நின்றுபோகும். வாலை ஒரு பக்கம் ஒதுக்கி நிற்கத் தொடங்கும். கரு தங்கும் நாட்கள் அப்போதுதான் ஆரம்பிக்கின்றன. அதுவும் ஒன்பது நாளளவு போகும். “இரத்தம் நின்றிட்டுது, இனிப் பயமில்லை” என்று சங்கிலியை அவிழ்த்து விடுவது பலருடைய வழக்கம். மாமியும் அப்படித்தான் அவிழ்த்து விட்டார். கட்டி வைப்பதென்றால் இரத்தம் கண்ட நாளிலிருந்து முழுதாக மூன்று கிழமை, வீக்கம் வற்றும் வரை கட்டி வைக்க வேண்டும். கட்டிய இடத்துக்குக் கடுவன் வந்துபோக வழியும் இருக்கக் கூடாது. மரத்தடியில் கட்டிய பெட்டை நாய் தெருவில் நின்ற நாயை விடப் பாதுகாப்பானது இல்லை.

சரி, ஏழு பிழையென்றால் எதை வைப்பது? இப்போது புழக்கத்தில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன.

முதலாவது, அமெரிக்க கால்நடை மருத்துவச் சங்கம் பொதுமக்களுக்குச் சொல்லும் படிக்கட்டுக் கணக்கு. நடுத்தர அளவுள்ள நாயின் முதல் ஆண்டு மனிதனின் 15 ஆண்டு. இரண்டாவது ஆண்டுக்கு இன்னும் 9. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் ஏறத்தாழ 5. அதாவது ஒரு வயது நாய் 15, இரண்டு வயது நாய் 24, மூன்று வயது நாய் 29. குழந்தைப் பருவம் விரைவாக ஓடுகிறது, பிறகு வேகம் குறைகிறது என்ற உண்மை இதில் இருக்கிறது. இதன் குறை, முதல் ஆண்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இது சொல்லாதது. ஆறு மாதத்துக்கு 15இல் பாதி, ஏழரை வயது என்று பிரித்துவிட முடியாது. முதல் ஆண்டுக்குள்ளேயும் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது கணக்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்திலிருந்து வந்தது. டீனா வாங், ட்ரே ஐடெக்கர் ஆகியோரின் குழு 2020இல் அதை வெளியிட்டது. அவர்கள் பல்லையோ நரையையோ பார்க்கவில்லை. எங்கள் உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கும் மரபணு இழையில் ஆங்காங்கே மிகச் சிறிய இரசாயன ஒட்டுகள் இருக்கின்றன. மெதைல் ஒட்டுகள் என்பார்கள். ஒரு மரபணு வேலை செய்வதையும் ஓய்ந்திருப்பதையும் இவை பாதிக்கின்றன. வயது ஏற ஏற இந்த ஒட்டுகள் சில இடங்களில் கூடும், சில இடங்களில் குறையும். அந்த மாற்றம் ஓரளவு ஒழுங்காக நடப்பதால், இரத்தத்தை எடுத்து ஒட்டுகளைப் பார்த்து ஆளின் வயதைக் கணிக்க முடிகிறது. ஆய்வாளர்கள் சில கிழமைக் குட்டியிலிருந்து 16 வயதுவரையான 104 நாய்களின் ஒட்டுகளை மனிதர்களின் ஒட்டுகளோடு ஒப்பிட்டு, எந்த வயது நாய் எந்த வயது மனிதனை ஒத்திருக்கிறது என்று பார்த்தார்கள். கிடைத்தது நேர்கோடு இல்லை, முதலில் செங்குத்தாக ஏறிப் பின்னர் சரியும் வளைகோடு. அதன் சூத்திரம் இது:

```
human_age = 16 × ln(dog_age) + 31
```

`ln` என்பது பாடசாலையில் படித்த மடக்கையின் ஒரு வகை. கைப்பேசிக் கணிப்பானைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் அந்தப் பொத்தான் தெரியும். நாயின் வயதை ஆண்டில் போட வேண்டும், ஆறு மாதம் என்றால் 0.5. பொத்தானைத் தேட விருப்பமில்லாதவர்களுக்கு இதே சூத்திரத்தை வேறு மாதிரியும் சொல்லலாம். ஒரு வயது நாய்க்கு 31 என்று தொடங்குங்கள். நாயின் வயது இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 11 கூட்டுங்கள். இரண்டு வயதுக்கு 42, நான்கு வயதுக்கு 53, எட்டு வயதுக்கு 64, பதினாறு வயதுக்கு 75. பின்னோக்கியும் போகலாம். ஒரு வயதின் பாதி, அதாவது ஆறு மாதத்துக்கு 31இலிருந்து 11 கழிக்க 20.

கறுப்பிக்குத் திரும்புவோம். ஏழின் கணக்கில் மூன்றரை வயது. ஒட்டுகளின் கணக்கில் இருபது வயது. குட்டி போட்ட ஆவணியில் அதற்கு எட்டரை மாதம், அப்போது ஏழின்படி ஐந்து வயது, ஒட்டுகளின்படி ஏறத்தாழ இருபத்தைந்து. எது உண்மைக்குக் கிட்ட இருக்கிறது என்று சொல்ல ஐந்து குட்டிகள் இருந்தன.

ஆனால் இருபது வயது என்பதையும் நான் அப்படியே நம்பிவிடச் சொல்லமாட்டேன். ஆறு மாத நாய் செருப்பைக் கடித்துக் குதறுகிறது, கோழியைக் கண்டால் துரத்துகிறது, அதட்டினால் மல்லாந்து படுக்கிறது. இருபது வயதுப் பெண்ணின் நிதானம் அதில் எங்கே? அதுபோல ஒரு வயது நாயை எடுத்தால் ஏழின் கணக்கு 7 என்கிறது, படிக்கட்டுக் கணக்கு 15 என்கிறது, ஒட்டுகளின் கணக்கு 31 என்கிறது. உடல் வளர்ச்சி, பல், பருவம் என்று பார்த்தால் பதினைந்துதான் பொருத்தமாகத் தெரிகிறது. மரபணு இழையைப் பார்த்தால் முப்பத்தொன்று. இரண்டுமே பொய்யில்லை, அளந்த பொருள்தான் வேறு. ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் இடையிலான தூரம் வீதியால் ஒரு அளவு, வாவியால் ஒரு அளவு என்பது போலத்தான்.

இன்னொரு எல்லையும் அந்த ஆய்வில் இருக்கிறது. பார்க்கப்பட்டவை லாப்ரடோர் இன நாய்கள். அந்த இனம் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டளவு வாழும். ஆனால் நாய் என்ற ஒரே இனத்துக்குள் இரண்டு கிலோ நாயும் இருக்கிறது, எழுபது கிலோ நாயும் இருக்கிறது. பொதுவாக விலங்குகளில் பெரியது நீண்டகாலம் வாழும். எலியை விட மாடு, மாட்டை விட யானை. நாய்களுக்குள் மட்டும் இது தலைகீழ். கிரேட் டேன் போன்ற இராட்சத நாய்கள் எட்டு ஆண்டளவில் போய்ச் சேரும், பொமரேனியன் போன்ற சின்ன நாய் பதினான்கு, பதினைந்து வரை ஓடித்திரியும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு 74 இனங்களைப் பார்த்து, உடல் எடை இரண்டு கிலோ கூடும்போது ஆயுளில் ஒரு மாதமளவு குறைகிறது என்று கண்டது. பெரிய நாய்கள் பிந்தி முதுமைக்குள் நுழைந்து அவசரமாகச் சாகின்றன என்பதல்ல அவர்கள் கண்டது. முதுமை தொடங்கியபின் அது அவற்றில் வேகமாக நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மச்சான் அனுப்பிய படத்தில் உள்ள ஏழு வயது ரொட்வைலரும் எங்கள் ஊரின் பதினைந்து கிலோ நாட்டு நாயும் ஒரே வயது என்று சொல்லிக்கொண்டாலும் ஒரே பருவத்தில் இல்லை.

நடுத்தர நாய்க்கு ஏழு வயதில் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஏழின் கணக்கில் 49. படிக்கட்டுக் கணக்கில் 24உடன் ஐந்து ஐந்தாக ஐந்து முறை கூட்ட, அதுவும் 49. இந்த ஒரு வயதில் பழைய விதி சரியான விடையைத் தருகிறது. அதனால்தான் அது இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்தது என்று நினைக்கிறேன். நின்றுபோன மணிக்கூடும் நாளுக்கு இரண்டு தரம் சரியான நேரம் காட்டும்தானே.

இவ்வளவும் நாயின் பிறந்த மாதம் தெரிந்தால் செய்யக்கூடிய கணக்கு. எங்கள் பக்கத்தில் பாதி நாய்களுக்கு அது தெரியாது. வயதை நிகழ்வுகளால் சொல்லிப் பழகிய ஊர் இது. 78 சூறாவளிக்கு முந்தி, சுனாமிக்குப் பிந்தி, 2011 பெரிய வெள்ளத்து வருசம் என்று. இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்தவர்களுக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களம் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொடுக்கும் ஏற்பாடு மனிதர்களுக்கு இருக்கிறது. நாய்க்கு வாயைத் திறந்து பார்ப்பதுதான் உத்தேசம்.

ஏழு மாதத்துக்கு உட்பட்ட குட்டியென்றால் நான் மேலே சொன்ன பல் வரிசை ஒரு மாதம் முன்பின்னாகச் சரியாகச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு கணிப்புத் தளர்ந்துபோகும். இளம் நாயின் முன்பல்லை உற்றுப் பார்த்தால் அதன் நுனியில் நடுவில் ஒன்றும் இருபுறமும் இரண்டுமாக மூன்று முனை தெரியும். ஒன்றரை, இரண்டு வயதில் கீழ்த்தாடையின் நடுப்பற்களில் அந்த முனைகள் தேயத் தொடங்கி, பிறகு பக்கத்துப் பற்களுக்கும் மேல்தாடைக்கும் பரவும். ஆனால் கல்லைக் கடித்து விளையாடும் நாய்க்கு மூன்று வயதிலேயே பல் மழுங்கிவிடும். மென்சோறும் மீன் குழம்பும் தின்று வளர்ந்த நாய்க்கு ஆறு வயதிலும் முனை இருக்கலாம். மூஞ்சியில் நரையை வைத்துச் சொல்வது அதைவிட மோசம். கறுப்பு நாய்க்கு இரண்டு, மூன்று வயதிலேயே தாடையில் வெள்ளை விழும். ஏழு, எட்டு வயதுக்கு மேல் கண்மணியில் ஒரு நீலச்சாம்பல் புகை தெரிவது ஓரளவு நம்பத்தக்க அடையாளம். அது கண்வில்லை இறுகுவதால் வருவது, பார்வையை அதிகம் கெடுக்காது. பால் போல வெள்ளையாகப் படிந்தால் அது கண்புரை, அது வயதுக்கான அடையாளமில்லை, நோய்.

குட்டிகளின் வயதைக் குறைத்து நினைப்பதால் வரும் இன்னொரு சிக்கல் விசர்நாய்த் தடுப்பூசி. ஊசி போட வரும் நாளில் பெரிய நாய்களைப் பிடித்துக் கொடுப்பவர்கள் “இது பிஞ்சு, அடுத்த வருசம் பாப்பம்” என்று குட்டிகளை விட்டுவிடுகிறார்கள். அடுத்த வருடம் அந்தக் குட்டி ஒரு முறை குட்டி போட்டிருக்கும். உலக சுகாதார நிறுவனம் கூட்டாக ஊசி போடும் நடவடிக்கைகளில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் சேர்க்கச் சொல்கிறது. பிள்ளைகள் அதிகம் தூக்கி விளையாடுவதும் கடி வாங்குவதும் இந்தக் குட்டிகளிடம்தான். அப்படிப் போட்டாலும் பின்னர் திரும்பப் போட வேண்டும், அந்தத் திகதியை மிருக வைத்தியரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மறுமுனை. எட்டு வயதுப் பெட்டை நாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழின் கணக்கில் 56, படிக்கட்டுக் கணக்கில் 54, ஒட்டுகளின் கணக்கில் 64. மூன்றும் பெரிதாக முரண்படவில்லை. ஆனால் மூன்றுமே சேர்ந்து ஒரே பிழையான இடத்துக்கு எங்களைக் கொண்டுபோகின்றன. அந்த வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றிருக்கும் என்று நினைத்து, “இது கிழவி, இனி என்ன குட்டி போடப்போகுது” என்று விட்டுவிடுகிறோம். நாய்க்கு மாதவிடாய் நிற்கும் பருவம் என்று ஒன்றே இல்லை. இடைவெளி கூடலாம், வெளித்தெரியாமல் போகலாம், ஆனால் சாகும்வரை அது பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும். பத்து வயது நாய்க்கும் கரு தங்கலாம். அந்த வயதில் குட்டி தடைப்பட்டுத் தாயும் சாவது நடக்கிறது.

அதைவிட அடிக்கடி நடப்பது கருப்பையில் சீழ் கட்டுவது. பருவம் முடிந்த பிறகு, கரு தங்கினாலும் தங்காவிட்டாலும், நாயின் உடலில் கர்ப்பகால ஓமோன் இரண்டு மாதமளவு உயர்ந்தே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. பல ஆண்டுகள் இப்படித் தடித்த கருப்பையில் கிருமி நுழைந்தால் அங்கே தங்கிப் பெருகும். அதனால்தான் இது கருத்தடை செய்யாத, வயதேறிய பெட்டை நாய்களின் நோய். பருவம் முடிந்து இரண்டு கிழமையிலிருந்து எட்டுக் கிழமைக்குள் பெரும்பாலும் வரும். நாய் வழமைக்கு மாறாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பும், வாந்தி எடுக்கும், வயிறு கனக்கும். சிலவற்றில் பின்புறத்தால் சீழ் வடியும், வாலடியை அது நக்கிக்கொண்டே இருக்கும். சிலவற்றில் கருப்பை வாய் மூடியிருப்பதால் ஒரு துளியும் வெளியே வராது. இந்த இரண்டாவது வகைதான் விரைவாகக் கொல்வது, ஏனெனில் சீழ் முழுவதும் உள்ளேயே நிற்கும்.

இதைப் பார்ப்பவர் என்ன நினைக்கிறார்? ஒன்பது வயது, ஏழால் பெருக்கினால் அறுபத்துமூன்று, வயது போய்விட்டது, சோறு செல்லவில்லை, அதன்பாட்டில் கிடக்கட்டும் என்று. அது முதுமையில்லை. சேலைன் ஏற்றி, கருப்பையை அகற்றினால் அதில் பல நாய்கள் இன்னும் மூன்று, நான்கு ஆண்டு வாழக்கூடியவை. இரண்டு மூன்று நாள் பார்ப்போம் என்று விட்டால் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிடும்.

ஆகவே தண்ணீர்ச் சட்டியை அடிக்கடி நிரப்ப வேண்டி வருகிறதா என்று பாருங்கள். வைத்தியரிடம் கொண்டுபோனால் நாயின் வயதைச் சொல்வதற்கு முன்னர், அது கருத்தடை செய்யாதது என்பதையும், கடைசியாக எப்போது இரத்தம் பட்டது, எப்போது கடுவன்கள் வந்து படலையில் நின்றன என்பதையும் சொல்லுங்கள். திகதி நினைவில்லாவிட்டால் நெல் வெட்டுக்கு முந்தியா பிந்தியா என்றாவது சொல்லுங்கள், எத்தனை கிழமை ஆகியிருக்கும் என்று அவர் கணக்குப் பார்த்துக்கொள்வார்.